பொங்கல் லீவில் அறிக்கை ஏன் வரக்கூடாது? எப்படி நிறுத்துவது?

செங்கல்பட்டு அலுவலகம் ஒன்றில், முந்தைய நாள் கணக்கு தினமும் காலை 7 மணிக்குத் தானாக அறிக்கையாகிறது என்று வைப்போம். `cron`-இல் `1-5` என்று போட்டால் சனி, ஞாயிறு நின்றுவிடும். ஆனால் அதற்குக் கிழமைதான் தெரியும், அரசாணை தெரியாது.

2025 ஜனவரி 14, 15, 16 பொங்கல் விடுமுறை. 17, வெள்ளிக்கிழமைக்கும் தமிழக அரசு பிறகு விடுமுறை தந்து, ஈடாக 25, சனிக்கிழமையை வேலைநாளாக்கியது. அதனால் விடுமுறைகளோடு வேலைநாளான சனிக்கிழமைகளையும் ஒரு பட்டியலில் எழுத வேண்டும். மாவட்டத்துக்கும் ஒரு கட்டம் தேவை. 2023 டிசம்பர் 4 அன்று, மிக்ஜாம் புயலுக்காகச் செங்கல்பட்டு உள்ளிட்ட நான்கு மாவட்டங்களுக்கு மட்டுமே பொது விடுமுறை.

வேலையைத் தினமும் எழுப்பி, முதலில் பட்டியலைக் கேட்க வைக்கலாம்:

```
0 7 * * * velainaal && arikkai
```

`velainaal` என்பது நாம் எழுதும் சிறு நிரல். வேலைநாள் என்றால் 0 தரும், அப்போதுதான் அறிக்கை ஓடும்.

இனிதான் பொறி. ஜனவரி 20 அறிக்கை ‘நேற்று’ என்று தேடினால் ஞாயிறு மட்டும் கிடைக்கும், 13ஆம் தேதிக் கணக்கு எதிலும் வராது. ‘முந்தைய வேலைநாள் முதல் நேற்று வரை’ என்று கேட்டால் 13 முதல் 19 வரை முழுதாக வரும்.

அடுத்த ஆண்டுப் பட்டியல் ஏற்றப்படாவிட்டால், `velainaal` மௌனமாக இராமல் பிழை சொல்ல வேண்டும்.