மேல்நோக்கிப் பாயும் சிறுநீர்

சிறுநீரகம் எனப்படும் குண்டிக்காயிலிருந்து சிறுநீர்ப்பைக்குள் இறங்கிய நீர் மீண்டும் மேலே செல்லலாகாது. இரண்டையும் இணைக்கும் சிறுநீர்க்குழாய் பையின் சுவரைச் சாய்வாகத் துளைத்து நுழைகின்றது. பை நிரம்பும்போது சுவருக்குள் கிடக்கும் பகுதி நசுங்கிக் கதவுபோல அடைபடும். சில குழந்தைகளுக்கு அப்பகுதி பிறவியிலேயே நீளம் குறைந்திருப்பதால் நீர் பின்னோக்கிப் பாய்கின்றது. அந்நீரிற் கிருமி இருப்பின் சிறுநீரகத்தில் மாறாத வடு உண்டாகலாம்.

மூன்று வயதுச் சிறுமி ஒருத்திக்குச் சிறுநீர்த் தொற்றினால் இருமுறை கடுங்காய்ச்சல் வந்ததாகக் கொள்வோம். தொற்றுத் தணிந்தபின், எக்ஸ் கதிரிற் புலப்படும் திரவத்தை மெல்லிய குழாய் வழியாக அவளது பையினுள் செலுத்துவர். வயதுடன் 2ஐக் கூட்டி 30ஆற் பெருக்கினால் பையின் கொள்ளளவு ஏறக்குறையக் கிடைக்கும். இவளுக்கு 150 மில்லிலீற்றர். குறைவாக நிரப்பினாலோ, சிறுநீர் கழிக்கும் வேளையிற் படமெடுக்கத் தவறினாலோ பின்பாய்ச்சல் கண்ணுக்குத் தப்பிவிடலாம். கழிக்கும் வேளையிலேயே பையின் அழுத்தம் மிகுகின்றது.

படத்திற் காண்பதை ஐந்து படிகளாக வகுப்பர். திரவம் குழாயளவில் நின்றால் முதற்படி. சிறுநீரகத்தை எட்டியும் எதுவும் விரியாதிருந்தால் இரண்டாம்படி. குழாய் சற்றே விரிந்தால் மூன்றாம்படி. மேலும் விரிந்து, சிறுநீரகத்தின் உட்கிண்ணங்களின் கூர்விளிம்புகள் மழுங்கினால் நான்காம்படி. குழாய் பெரிதும் பருத்துப் பாம்புபோல வளைந்தால் ஐந்தாம்படி.

தானாக மாறும் வாய்ப்பைப் படி உணர்த்துகின்றது. குழந்தை வளர வளரச் சுவருக்குள் உள்ள பகுதியும் நீளும். ஆதலால் முதலிரு படிகள் பெரும்பாலும் தாமே மறையும். ஐந்தாம்படி அரிதாகவே மறையும். நம் சிறுமிக்கு மூன்றாம்படி. அவள் நிறை 14 கிலோ. கிலோவுக்கு 2 மில்லிகிராம் வீதம் இரவுதோறும் 28 மில்லிகிராம் திரைமெதோபிறிம் மருந்தை வைத்தியர் விதிக்கலாம். அம்மருந்து கதவைச் செப்பனிடுவதில்லை. வளர்ச்சி தன் வேலையை முடிக்கும்வரை கிருமியைத் தடுப்பதே அதன் பணி.

அதற்கும் எல்லையுண்டு. முதல் நான்கு படிகளிலுள்ள 607 குழந்தைகளை ஈராண்டு கவனித்து 2014இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், தினமும் மருந்து பெற்றோருக்குத் தொற்று ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது, வடுவோ குறையவில்லை. மருந்துக்கு அடங்காத கிருமிகளும் பெருகின. எனவே தாழ்ந்த படிகளில் மருந்தின்றிக் கவனித்திருத்தலும் ஒரு முறையே.

மருந்துண்ணும்போதே நம் சிறுமிக்குக் காய்ச்சல் மீண்டும் வந்து, சிறுநீரகத்திற் புதிய வடுவும் காணப்பட்டால் சத்திரசிகிச்சையை எண்ண வேண்டும். குழாயைப் பெயர்த்து, அதன் விட்டத்தைப்போல ஐந்து மடங்கு நீளமான புதிய சுரங்கவழியிற் பதிப்பர். அதற்குமுன், அவள் சிறுநீரை அடக்கி வைக்கிறாளா, மலச்சிக்கல் உண்டா என்பதைத் தாய் கவனித்துச் சொல்லவேண்டும். இவை இருப்பின் எந்தப் படியிலும் தொற்று திரும்பும். அவற்றைத் திருத்தாது கத்தியை எடுத்தாற் பயன் குன்றும்.