வகுப்பறைப் பேச்சும் சக மாணவர் கருத்துப்படிவமும்: நன்னூற் குற்றங்கள் வழி ஒரு நோக்கு

முன்னுரை

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 2012-13ஆம் கல்வியாண்டில் முப்பருவ முறை முதல் எட்டு வகுப்புகளுக்கு நடைமுறைக்கு வந்தபோது, தொகுத்தறி மதிப்பீட்டிற்கு 60 மதிப்பெண்ணும் வளரறி மதிப்பீட்டிற்கு 40 மதிப்பெண்ணும் ஒதுக்கப்பட்டன. இவற்றுள் பின்னது, வகுப்பில் மாணவர் பேசுவதற்கும் ஓர் இடம் தந்தது. ஆனால் பேசி முடித்த மாணவர்க்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு கைதட்டலும் ஓர் எண்ணுமே. கேட்டுக்கொண்டிருந்த ஏனையோர் அப்பேச்சைப் பற்றி ஏதும் சொல்வதில்லை. சொன்னால் அது 'அருமை' என்பதாகவோ கேலியாகவோ அமைந்துவிடுகிறது. கேட்போரின் கருத்தைப் பரிவோடும் பயனோடும் பேச்சாளரிடம் சேர்க்கும் படிவம் எவ்வாறு அமைய வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. சென்னையின் மேற்குப் புறநகரான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதியின் எட்டாம் வகுப்பு ஒன்று இங்கு மாதிரியாகக் கொள்ளப்படுகிறது.

குற்றத்தின் பெயரும் குற்றத்தின் இடமும்

ஒன்றைச் சொல்வதில் நேரும் பிழைகளைப் பெயரிட்டு வகுத்தல் தமிழுக்குப் புதியதன்று. பவணந்தி முனிவரின் நன்னூற் பாயிரம் நூலுக்குரிய குற்றங்கள் பத்தையும் அழகுகள் பத்தையும் கூறுகிறது. அவை எழுதப்படும் நூலை நோக்கியவை எனினும், வகுப்பறைப் பேச்சைக் கேட்டவர் அவற்றுட் சிலவற்றை உடனே அடையாளம் காண்பர். தலைப்பை விட்டு வேறொன்றில் நெடுநேரம் செல்வது மற்றொன்று விரித்தல். வலுவாகத் தொடங்கிய பேச்சு மனப்பாடம் தீர்ந்ததும் மெலிந்து முடிவது சென்று தேய்ந்து இறுதல். பதின்மூன்று வயதினரின் பேச்சில் இதுவே மிகுதி என்பது என் கணிப்பு. பொருள் இதுவோ அதுவோ என்று ஐயுறச் செய்வது மயங்க வைத்தல்.

எனவே இப்பெயர்களை அட்டவணையாக்கி, எதிரே 1 முதல் 5 வரை எண்ணிடச் செய்யலாமே என்று தோன்றும். அது பயன் தருவதில்லை. 'மயங்க வைத்தல்: 2' என்று பெற்ற மாணவர்க்குத் தம் பேச்சில் எந்த இடம் மயக்கியது என்று தெரியாது, தாம் தாழ்த்தப்பட்டதாக மட்டுமே உணர்வார். பின்னூட்டம் குறித்த ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய ஹாட்டியும் டிம்பர்லியும் (2007), ஆளைப் பற்றிய பாராட்டு கற்றலுக்குச் சிறிதே உதவுகிறது என்றும் செய்த பணியையும் செய்த முறையையும் பற்றிய கருத்தே மிகுதியும் உதவுகிறது என்றும் காட்டினர். ஆளைப் பற்றிய குறைகூறலுக்கும் இது பொருந்தும் எனலாம். ஆகவே குற்றத்தின் பெயர் ஆசிரியர் மனத்தில் இருக்கட்டும். படிவம் கேட்க வேண்டியது இடத்தை.

படிவம்

அரைத்தாள் அளவில் நான்கு வரிகள் போதும்:

1. இப்பேச்சிலிருந்து நான் அறிந்துகொண்டது…
2. என் மனத்தில் நின்ற இடம் (பேசியவர் சொன்ன சொற்களிலேயே)…
3. என்னால் பின்தொடர முடியாமற்போன இடம்…
4. அந்த இடத்தில் அடுத்த முறை செய்து பார்க்கத்தக்க ஒன்று, அல்லது என் வினா…

நான்கும் 'நான்' என்னும் நிலையிலிருந்து எழுதப்படுவதைக் கவனிக்கலாம். 'நீ தெளிவாகப் பேசவில்லை' என்பது தீர்ப்பு. 'இந்த இடத்தில் எனக்குப் புரியவில்லை' என்பது செய்தி. முன்னதை மறுக்கலாம், பின்னதை மறுக்க இயலாது. முதல் வரி பேச்சாளர்க்கு ஓர் அளவுகோலும் ஆகும். தாம் சொல்ல நினைத்தது ஒன்றாகவும் நால்வர் அறிந்துகொண்டது வேறாகவும் இருப்பின், யாரும் குறை சொல்லாமலே அவர்க்குக் குறை விளங்கிவிடும்.

ஓர் எடுத்துக்காட்டு

ஒரு மாணவி செம்பரம்பாக்கம் ஏரியைப் பற்றி மூன்று நிமிடம் பேசுகிறார் எனக் கொள்வோம். பூந்தமல்லியை அடுத்த அவ்வேரி 24 அடி ஆழமுடையது, 3645 மில்லியன் கன அடி நீர் கொள்வது என்கிறார். பிறகு, 'மழைக்காலத்தில் 1000 கன அடி திறந்தாலே அடையாற்றங்கரை மக்களுக்கு எச்சரிக்கை விடுவார்கள்' என்கிறார். எண்கள் சரி, ஆயினும் கேட்பவர் திகைக்கிறார்.

மதிப்பெண் அட்டவணையில் இத்திகைப்பு 'தெளிவு: 3' என்று மறைந்துபோகும். மேற்கண்ட படிவத்தின் மூன்றாம் வரியில் ஒரு மாணவர் எழுதக்கூடியது இது: '3645 மில்லியன் இருக்கும் ஏரியில் வெறும் 1000 திறந்தால் ஏன் எச்சரிக்கை? இந்த இடம் எனக்குப் புரியவில்லை.' முதலெண் கொள்ளளவு. அடுத்தது ஒரு வினாடியில் வெளியேறும் அளவு. 'வினாடிக்கு' என்னும் ஒரு சொல் விடுபட்டதே மயக்கத்தின் காரணம். அச்சொல்லைச் சேர்த்து, ஒரு நாள் முழுதும் அவ்வாறு திறந்தால் 86.4 மில்லியன் கன அடி வெளியேறும் என்றும் சொன்னால், பேச்சின் நடுப்பகுதி முழுதும் நிமிர்ந்துவிடும்.

திகைத்த மாணவர்க்கு இந்தத் திருத்தம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. சக மாணவர் இடத்தைச் சரியாகக் காட்டுவர். காரணத்தைப் பலவேளை அறியார். நான்காம் வரியில் வினாவுக்கு இடம் விட்டது அதனால்தான். திருத்தத்தை வற்புறுத்திக் கேட்டால், 'இன்னும் சத்தமாகப் பேசலாம்' என்னும் பொதுத்தொடர் வந்து நிற்கும்.

நடைமுறை

நாற்பது மாணவர் உள்ள வகுப்பில் எல்லாரும் எல்லார்க்கும் எழுதுவது இயலாது. ஒரு பேச்சாளர்க்கு நால்வர் எழுதினால் மொத்தம் 160 தாள்கள். ஒவ்வொருவரும் எழுத வேண்டியவை நான்கே. பேச்சுக்கு மூன்று நிமிடம், எழுத இரண்டு, இடம் மாற ஒன்று என்றால் 45 நிமிடப் பாடவேளையில் அறுவர் பேசி முடிக்க 36 நிமிடம் ஆகும். வகுப்பு முழுதும் முடிய ஏழு பாடவேளைகள் வேண்டும். எஞ்சும் ஒன்பது நிமிடங்களில் ஐந்தை, முதல் நாள் பேசியவர்கள் தம் தாள்களைப் படிப்பதற்கு ஒதுக்கலாம்.

தாள்களை மறுநாள் தருவதற்குக் காரணம் உண்டு. பெயரின்றி எழுதச் சொன்னால் கேலி நுழைகிறது. பெயருடன் எழுதச் சொன்னால் நட்பு நுழைகிறது. பின்புறத்தில் வரிசை எண்ணை மட்டும் எழுதச் செய்து, ஆசிரியர் அன்று மாலை 24 தாள்களையும் ஒருமுறை பார்த்துவிட்டு, எண் பகுதியைக் கிழித்துவிட்டுக் கொடுப்பது இரண்டையும் ஓரளவு தடுக்கும். கையெழுத்து காட்டிக்கொடுத்துவிடும் என்பது உண்மையே. அதற்கு வழி இல்லை. எவர்க்கு எவர் எழுதுவது என்பதை ஆசிரியரே மாற்றி மாற்றி அமைத்தால் பழிவாங்கல் குறையும்.

ஒலிப்பும் வழக்கும்

இப்புறநகரில் மிகுந்த கவனம் வேண்டுவது இதுவே. அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964இல் அமைந்தது முதல் பல மாவட்டத்தாரும் பிற மாநிலத்தாரும் இங்குக் குடியேறி வருகின்றனர். ஒரே வகுப்பில் வடதமிழகப் பேச்சும் தென்பாண்டிப் பேச்சும், வீட்டில் தெலுங்கோ இந்தியோ பேசும் பிள்ளையின் தமிழும் சேர்ந்து ஒலிக்கின்றன. 'உச்சரிப்பு' என்று படிவத்தில் ஒரு கட்டம் வைத்தால், அங்கே ழகரம் வராத பிள்ளையின் பெயரே நிரம்பும். மாணவர் எளிதிற் காணும் குறை அதுவே ஆதலால், பேச்சின் பொருளை அவர்கள் கேட்பதும் நின்றுவிடும். எனவே ஒலிப்புக்குத் தனிக் கட்டம் வேண்டா. ஒலிப்பால் பொருள் மாறி உண்மையாகவே புரியாமற்போயிருந்தால், அது மூன்றாம் வரியில் ஓர் இடமாகத் தானே வரும். ழகரப் பயிற்சி ஆசிரியர் பணி. சக மாணவர் பணியன்று. பேச்சு வழக்கா எழுத்து வழக்கா என்பதையும் பேச்சுக்கு முன்பே ஆசிரியர் அறிவித்துவிட வேண்டும். இல்லையேல் ஒருவரின் இயல்பு மற்றொருவரின் தாளில் வழுவாகப் பதிவாகும்.

தாளைச் சோதித்தல்

முதற்சுற்றில் பல தாள்கள் வெறுமையாகவே வரும். அவற்றைக் கண்டறிய ஓர் எளிய வழி உண்டு. ஒரு தாளை எடுத்து, அதை அன்று பேசிய மற்றொருவரிடம் கொடுத்தாலும் பொருந்துமா என்று பார்க்க வேண்டும். 'நன்றாக இருந்தது, பயப்படாமல் பேசினாய்' என்னும் தாள் அறுவர்க்கும் பொருந்தும். '1000 கன அடி' என்னும் தாள் ஒருவர்க்கே பொருந்தும். பொருந்தும் தாளை எழுதியவரிடமே திருப்பித் தந்து, இரண்டாம் வரியில் பேச்சாளரின் சொல் ஒன்றையேனும் எழுதிவரச் சொல்லலாம். அச்சொல் நினைவில் இல்லையெனில் அவர் கேட்கவில்லை என்பது அவர்க்கே தெரிந்துவிடும்.