கடல் ஏன் பின்வாங்கியது?

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள். இந்திய நேரப்படி காலை 6.29 மணிக்குச் சுமத்திராத் தீவின் மேற்கே கடலடி நிலம் பிளந்து அதிர்ந்தது. ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் ஆழிப்பேரலை வங்கக்கடலைக் கடந்து சென்னைக் கரையைத் தொட்டது. ஜெட் விமானத்தை ஒத்த இவ்விரைவு நீருக்கு எவ்வாறு வாய்த்தது?

காற்று எழுப்பும் அலை கடலின் மேற்பகுதியை மட்டுமே அசைக்கும். ஆழிப்பேரலையிலோ கடலின் தளமே பெயர்வதால், மேற்பரப்பு முதல் அடிவரை நீர் முழுவதும் அசைகிறது. அதன் அலைநீளம் நூறு கிலோமீட்டரையும் மிஞ்சக்கூடும். அவ்வளவு நீண்ட அலைக்கு நான்கு கிலோமீட்டர் ஆழமுள்ள பெருங்கடலும் ஒரு குட்டையே! இத்தகைய அலையின் விரைவைக் கடலின் ஆழமே முடிவு செய்கிறது.

v = √(gd)

இங்கு g என்பது புவியீர்ப்பு முடுக்கம். d என்பது ஆழம். ஆழம் 4000 மீட்டர் எனில், விரைவு நொடிக்கு 198 மீட்டர். அதாவது மணிக்கு ஏறத்தாழ 713 கிலோமீட்டர். ஆழம் 10 மீட்டராகக் குறையும்போது விரைவு மணிக்கு 36 கிலோமீட்டராகத் தளர்கிறது. அலையின் முன்பகுதி கரையருகே தளர, பின்பகுதி விரைந்து வந்து நெருங்க, நீர் உயர்ந்து குவிகிறது. நடுக்கடலில் அன்று ஜேசன் செயற்கைக்கோள் அளந்த அலையுயரம் ஏறத்தாழ 60 சென்டிமீட்டர்தான். நூறு கிலோமீட்டருக்கும் மேல் பரந்து கிடக்கும் அச்சிறு மேட்டைப் படகில் இருப்போர் உணர்வதில்லை.

இனி, கடல் உள்வாங்கியதன் காரணத்தைக் காண்போம். சுமத்திராவின் மேற்கே இந்திய நிலத்தட்டு, பர்மா நிலத்தட்டின் கீழே செருகிக்கொண்டிருக்கிறது. இரண்டும் பற்றிக்கொண்டிருந்த இடம் அன்று விடுபட்டதும், மேல்தட்டின் மேற்கு விளிம்பு சட்டென உயர்ந்தது. அதன் கிழக்கே இருந்த பகுதியோ தாழ்ந்தது. நிலத்தின் மேடுபள்ளத்தை நீரும் ஏற்றது. எனவே மேற்கு நோக்கிச் சென்ற அலைக்கு முகடு முன்னே; கிழக்கு நோக்கிச் சென்ற அலைக்கு அகடு முன்னே. அகடு முதலில் வந்தடைந்த தாய்லாந்தின் புக்கெட் கரையில் கடல் வெகுதொலைவு பின்வாங்கி, மணல்தரை வெளிப்பட்டது. வியப்புடன் அதில் இறங்கி நடந்தோரை, பின்னே வந்த முகடு சூழ்ந்தது.

தமிழகத்திற்கும் இலங்கைக்கும் முகடே முதலில் வந்தது. ஆகவே கடல் உள்வாங்கவில்லையெனில் அலை வாராது என்று கொள்ளுதல் பிழை. ஆழிப்பேரலை ஒற்றை அலையும் அன்று. முகடும் அகடும் மாறிமாறி வரும் தொடர். இலங்கையின் பெரலியாவில் முதல் அலையின் வெள்ளம் ஒரு தொடர்வண்டியை நிறுத்தியது. ஊரார் பலர் அதனைப் புகலிடமாகக் கருதி ஏறினர். இடையில் கடல் பின்வாங்கியது. அதன்பின் எழுந்த அலை முதலாவதைவிடப் பன்மடங்கு பெரிது; அது பெட்டிகளைப் புரட்டியெறிந்தபோது ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர்.