நன்செய் வீட்டுமனையாகும்போது...
ஆணையை வரி வரியாகப் படிப்போம்

ஆரணி என்றதும் பட்டு நினைவுக்கு வரும். அடுத்து அரிசி நினைவுக்கு வரும். ஊருக்குள் தறியின் ஓசை கேட்கும். ஊரைத் தாண்டினால் நெல்வயல் தொடங்கும். கமண்டல நாகநதியையும் ஏரிகளையும் கிணறுகளையும் நம்பி விளைந்த அந்த வயல்களின் ஓரத்தில்தான் இன்று ஊர் வளர்கிறது. தெருவில் ஒரு வீட்டில் மூன்று குடும்பங்கள் நெருங்கி வாழ்ந்து, குழித்தறிக்கே இடம் போதாமல் தவிக்கும்போது, பாட்டனார் விட்டுச் சென்ற இருபது சென்ட் நன்செய்யில் வீடு கட்டிக்கொள்ளலாமே என்ற எண்ணம் எழுவது இயற்கை. அந்த எண்ணத்திற்கும் அஸ்திவாரக் கல்லுக்கும் இடையே ஒரு காகிதம் நிற்கிறது. நிலப் பயன்பாட்டை மாற்ற அனுமதிக்கும் ஆணை அது.

பலரும் அந்த ஆணையைப் பெற்றவுடன் மடித்துப் பெட்டியில் வைத்துவிடுகிறார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது, என்ன எழுதப்படவில்லை என்பதை அறிந்துகொள்வதில்லை. அந்தக் குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இந்த ஆணை ஏன் வந்தது?

முன்பெல்லாம் வயலைச் சமப்படுத்தி, கல் நட்டு, 'ஊராட்சி அனுமதி பெற்றது' என்று பலகை வைத்து மனைகள் விற்றார்கள். ஊராட்சித் தலைவர் கையொப்பமிட்ட ஒரு தாளே அனுமதியாகக் காட்டப்பட்டது. வாங்கியவர்களும் பத்திரம் பதிவானதே போதும் என்று நிம்மதியடைந்தார்கள்.

2016ஆம் ஆண்டு செப்டம்பர் 9 அன்று சென்னை உயர்நீதிமன்றம், அங்கீகாரம் பெறாத மனைகளைப் பதிவு செய்யக்கூடாது என்று இடைக்கால உத்தரவிட்டது. அதே ஆண்டு அக்டோபர் 20 முதல் பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவு தமிழகத்தில் நடைமுறைக்கு வந்தது. உரிய அனுமதியின்றி வீட்டுமனையாக மாற்றப்பட்ட நிலத்தின் பத்திரத்தைச் சார்பதிவாளர் மறுக்க வேண்டும் என்பது அப்பிரிவின் சாரம். முன்பே வீட்டுமனையாகப் பதிவானவற்றுக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு. மகளின் திருமணத்திற்காக மனை வாங்கி வைத்தவர்கள், விற்க முடியாமல் திகைத்த காலம் அது.

அதன் பிறகு 2017ஆம் ஆண்டு மே மாதத்தில், திட்டப் பகுதிக்கு வெளியே உள்ள விவசாய நிலத்தை வேறு பயனுக்கு மாற்றுவதற்கென்றே அரசு விதிகளை வெளியிட்டது. 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தில் உள்ள 47-அ பிரிவே அவற்றுக்கு அடிப்படை.

ஆகவே முதல் கேள்வி இதுதான்: உங்கள் சர்வே எண் திட்டப் பகுதிக்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா? உள்ளே இருந்தால், அந்த நகரின் முழுமைத் திட்டத்தில் உங்கள் நிலம் எந்த வகையில் காட்டப்பட்டுள்ளது என்று பார்க்க வேண்டும். விவசாய வகை என்றால், திட்டத்தையே திருத்தும் வேறொரு வழியில் செல்ல வேண்டும். நகர் ஊரமைப்புத் துறையின் மாவட்ட அலுவலகத்தில் சர்வே எண்ணைக் கொடுத்து இதை எழுத்தில் கேட்டறிவது நல்லது. நாம் இங்கே பார்ப்பது வெளியே உள்ள கிராம நிலத்தைப் பற்றி.

ஒரு குடும்பத்தின் கணக்கு

விளக்கத்திற்காக ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். ஆரணியை அடுத்த ஓர் ஊராட்சியில் இருபது சென்ட் நன்செய். தந்தை காலமாகிவிட்டார். இரண்டு மகன்கள், ஒரு மகள், தாயார். மூத்தவர் நெசவுத் தொழிலில் இருக்கிறார். அவரே விண்ணப்பம் கொடுக்க முன்வருகிறார்.

இங்கேயே முதல் தடை வருகிறது. பட்டா இன்னும் தந்தையின் பெயரில் இருக்கிறது. மார்க்கச் சட்டப்படி தாயாருக்கும் மகளுக்கும் அந்த நிலத்தில் பங்கு உண்டு. எனவே மூத்தவர் ஒருவரே உரிமையாளராக விண்ணப்பிக்க முடியாது. வாரிசுச் சான்றிதழ் பெற்று, நால்வர் பெயரிலும் கூட்டுப்பட்டா மாற்றி, நால்வரும் கையொப்பமிட வேண்டும். தங்கையை விட்டுவிட்டுப் பெற்ற ஆணை, பின்னாளில் அவர் ஒரு மனு கொடுத்தாலே ஆட்டம் கண்டுவிடும்.

பிறகு பட்டா, அ-பதிவேட்டு நகல், அடங்கல், புலப்படம், வில்லங்கச் சான்று ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும். எல்லாவற்றிலும் சர்வே எண்ணும் உட்பிரிவு எண்ணும் பரப்பும் ஒத்திருக்க வேண்டும். பழைய பத்திரத்தில் இருபது சென்ட் என்றிருக்கும். பட்டாவில் ஹெக்டேர் கணக்கில் ஏறத்தாழ 8.09 ஏர்ஸ் என்றிருக்கும். இரண்டும் ஒன்றே. ஆனால் பட்டாவில் 7.50 ஏர்ஸ் மட்டுமே இருந்தால், ஒன்றரை சென்ட் எங்கே போயிற்று என்பதை அளந்து தீர்த்துக்கொண்ட பிறகே விண்ணப்பிக்க வேண்டும்.

விண்ணப்பம் வந்ததும் வருவாய்த் துறையினரும் வேளாண் துறையினரும் தத்தம் அறிக்கையைத் தருவார்கள். அவர்கள் பார்ப்பது: நிலம் ஏரிப் பாசனத்திற்கு உட்பட்டதா, அதன் வழியாக வாய்க்கால் செல்கிறதா, இதை மாற்றினால் அடுத்த வயலுக்குத் தண்ணீர் தடைபடுமா, நிலத்திற்குப் பாதை உண்டா என்பவையே. புன்செய்யைவிட நன்செய்க்குக் கெடுபிடி அதிகம். மாவட்ட ஆட்சியரின் இசைவும் வேண்டும். அரசுப் பதிவேட்டில் ஏரி, ஓடை, வாய்க்கால் என்று பதிவான இடத்தை எந்தக் கட்டணமும் மனையாக்கித் தராது.

கட்டணம் எப்படிக் கணக்கிடப்படுகிறது?

2017ஆம் ஆண்டு விதிகள் வகுத்த மாற்றுக் கட்டணம், நிலத்தின் வழிகாட்டி மதிப்பில் 3 சதவீதம். கேட்பதற்கு எளிது. ஆனால் எந்த வழிகாட்டி மதிப்பு என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

கணக்கு புரிவதற்காகச் சில தொகைகளை வைத்துக்கொள்வோம். அந்தச் சர்வே எண்ணுக்குப் பதிவுத்துறை ஏக்கருக்கு 20 லட்சம் ரூபாய் என்று மதிப்பிட்டிருந்தால், ஒரு சென்ட் 20,000. இருபது சென்ட் 4 லட்சம். அதில் 3 சதவீதம் 12,000 ரூபாய். அதே சர்வே எண்ணில் யாரோ முன்பே மனை விற்றிருந்து, சதுர அடிக்கு 200 ரூபாய் என்று மதிப்பு ஏறியிருந்தால் கணக்கு மாறிவிடும். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. இருபது சென்ட் 8,712 சதுர அடி. மதிப்பு 17,42,400 ரூபாய். அதில் 3 சதவீதம் 52,272 ரூபாய்.

ஒரே நிலம், நாலு மடங்குக்கும் மேல் வித்தியாசம். ஆகையால் விண்ணப்பிக்கும் முன்பே உங்கள் சர்வே எண்ணுக்கும் உட்பிரிவுக்கும் உரிய மதிப்பைப் பதிவுத்துறைப் பட்டியலில் பார்த்துக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கேட்புக் கடிதம் வரும்போது எந்த மதிப்பை வைத்துக் கணக்கிட்டார்கள் என்று ஒப்பிடுங்கள். தவறு தெரிந்தால், பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் கேளுங்கள்.

இதைத் தவிரப் பரிசீலனைக் கட்டணமும், வீடு கட்டும் நேரத்தில் கட்டட அனுமதிக்கான கட்டணங்களும் தனியாக உண்டு. எதையும் அரசுக் கணக்கில் செலுத்தி, ரசீது பெற்று, ஆணையோடு சேர்த்து வையுங்கள். கையில் வாங்கிக்கொண்டு 'நான் கட்டிவிடுகிறேன்' என்பவரிடம் ரசீதைக் கேட்டாலே பாதி உண்மை தெரிந்துவிடும்.

ஆணையின் உறுப்புகள்

'செயல்முறைகள்' என்ற தலைப்போடு தொடங்கும் ஆணையில் எண்ணும் நாளும் இருக்கும். அடுத்து 'பொருள்'. அதில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண், பரப்பு, எந்தப் பயனுக்கு என்பன வரும். உங்கள் பட்டாவை அருகில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் எண்ணாகச் சரிபாருங்கள். 112/2அ என்பது 112/2 என்று தட்டச்சாகியிருந்தால் அது வேறொருவரின் நிலம். அந்தப் பிழையை அன்றே திருத்திக்கொள்ள வேண்டும்.

அடுத்தது 'பார்வை'. பலரும் தாண்டிச் செல்லும் இந்தப் பகுதியே ஆணையின் உயிர். உங்கள் விண்ணப்பம், துறைகளின் அறிக்கைகள், ஆட்சியரின் இசைவு, நகர் ஊரமைப்புத் துறையின் இசைவுக் கடிதம் ஆகியவை எண்ணோடும் நாளோடும் இங்கே வரிசையாகக் குறிக்கப்பட்டிருக்கும். ஆணையை வழங்குவது ஊராட்சியின் செயல் அலுவலர். அதாவது தலைவர், அல்லது தலைவர் இல்லாத காலத்தில் தனி அலுவலர். ஆனால் நகர் ஊரமைப்புத் துறையின் முன் இசைவு இல்லாமல் அவர் தாமாக வழங்க முடியாது. 'பார்வை'யில் அந்தக் கடிதம் இல்லையென்றால், உங்கள் கையில் இருப்பது பழைய 'ஊராட்சி அனுமதி'யின் மறுபிறவி என்று சந்தேகிக்க வேண்டும். மற்றவரிடம் மனை வாங்குவோரும் முதலில் பார்க்க வேண்டியது இந்த இடத்தைத்தான்.

பிறகு நிபந்தனைகள். வழக்கமாக வருபவற்றின் பொருள் இது:

குறிப்பிட்ட பயனுக்கு மட்டுமே நிலம் பயன்பட வேண்டும். குடியிருப்புக்கென்று பெற்றுவிட்டு விசைத்தறிக் கொட்டகையோ கிடங்கோ கட்டினால் நிபந்தனை மீறல். அத்தகைய எண்ணம் இருந்தால் விண்ணப்பத்திலேயே சொல்ல வேண்டும்.

வாய்க்காலையும் பாதையையும் மறிக்கக் கூடாது. மண் கொட்டி மேடாக்கும்போது பக்கத்து வயலின் வடிகால் அடைபடுவது அடிக்கடி நடக்கும் தகராறு. மண் கொட்டும் முன்பே வடிகாலுக்கு இடம் விடுங்கள்.

இந்த ஆணை உரிமைக்குச் சான்றாகாது. நிலம் யாருடையது என்பதைப் பத்திரமும் பட்டாவும் சொல்லும். பயன்பாட்டை மட்டுமே ஆணை சொல்லும்.

உண்மையை மறைத்துப் பெற்றிருந்தால் ஆணை ரத்தாகும். மேலே சொன்ன தங்கையின் கையொப்பம் நினைவிருக்கட்டும்.

ஆணை தராதவை

ஆணை வந்துவிட்டது என்பதற்காக மறுநாளே அஸ்திவாரம் தோண்டக் கூடாது. இது வீடு கட்டுவதற்கான அனுமதி அன்று. வரைபடம் கொடுத்துக் கட்டட அனுமதி தனியே பெற வேண்டும். பட்டாவில் உள்ள 'நன்செய்' என்ற சொல்லும் தானாக மாறிவிடாது; அதற்கு ஆணையின் நகலோடு வட்டாட்சியர் அலுவலகத்தில் மனுச் செய்ய வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது மூன்றாவது. நம் உதாரணக் குடும்பத்தில் தம்பியும் தங்கையும் தம் பங்கைத் தனி மனைகளாகப் பிரித்து வெளியாருக்கு விற்க நினைத்தால், நிலப் பயன்பாட்டு ஆணை மட்டும் போதாது. மனைப் பிரிவுக்கு நகர் ஊரமைப்புத் துறையின் அங்கீகாரம் வேண்டும். வழிக்கு எவ்வளவு அகலம், எந்த மனைக்கு எந்தப் பாதை என்பன அதில்தான் முடிவாகும். அது இல்லாமல் எழுதிய பத்திரம் சார்பதிவாளர் மேசையிலேயே நின்றுவிடும்.

எனவே நிலத்தை என்ன செய்யப் போகிறோம், ஒரே வீடா, பல மனைகளா என்பதை விண்ணப்பிக்கும் முன்பே வாரிசுகள் அனைவரும் ஒன்றாக அமர்ந்து பேசி முடிவு செய்யட்டும். ஒருமுறை மேடாக்கிய நன்செய்யில் மீண்டும் நாற்று நடுவது எளிதன்று. அனுமதி கிடைக்காமல் போனால், விளைச்சலும் இல்லாத, வீடும் இல்லாத இருபது சென்ட் மண்மேடுதான் மிஞ்சும். மண் லாரியை அழைப்பது எல்லாவற்றுக்கும் கடைசி வேலையாக இருக்கட்டும்.