தீபாவளி ஆர்டருக்குக் கடைசி தேதி: பத்து நாள் முன்பே கதவை மூடுவது ஏன்?

"அன்பான வாடிக்கையாளர்களுக்கு, தீபாவளிப் பலகார ஆர்டர்கள் சென்னைக்கு அக்டோபர் 10 இரவு வரையிலும், டெல்லிக்கு அக்டோபர் 6 இரவு வரையிலும் மட்டுமே ஏற்கப்படும். அதற்குப் பின் வருபவை பண்டிகை முடிந்துதான் அனுப்பப்படும்."

கோவில்பட்டியில் முறுக்கும் அதிரசமும் செய்து வெளியூர்களுக்கு அனுப்பும் ஒரு கடை, 2025 தீபாவளிக்கு இப்படி ஓர் அறிவிப்பு போட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆண்டு தீபாவளி அக்டோபர் 20, திங்கள்கிழமை. கூரியர் அலுவலகத்தில் கேட்டால், "சென்னைதானே, ரெண்டு மூணு நாள்ல போயிடும்" என்கிறார்கள். கடைக்காரரோ பத்து நாள் முன்பே ஆர்டர் வாங்குவதை நிறுத்துகிறார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. நடுவில் இருக்கும் அந்த ஏழெட்டு நாள் எங்கே போகிறது என்பதில் ஒரு சுவையான கணக்கு இருக்கிறது.

முதலில் "ரெண்டு மூணு நாள்" என்பதைப் பார்ப்போம். கடைக்காரர் போன பண்டிகைக் காலத்து ரசீதுகளை எடுத்து, சென்னைக்குப் போன நூறு பார்சல்களை எண்ணுகிறார். ஐம்பது பார்சல் இரண்டாம் நாளே சேர்ந்திருக்கிறது. முப்பது மூன்றாம் நாள், பன்னிரண்டு நான்காம் நாள், ஏழு ஐந்தாம் நாள். ஒன்று மட்டும் எங்கேயோ சுற்றிவிட்டு எட்டாம் நாள் போயிருக்கிறது. சராசரி எடுத்தால் 2.8 நாள். கூரியர்காரர் சொன்னது சரிதான்.

ஆனால் அந்தச் சராசரியை நம்பி "மூன்று நாளில் சேரும்" என்று வாக்குக் கொடுத்தால், நூற்றில் இருபது வீடுகளுக்குப் பலகாரம் தாமதமாகத்தான் போகும். சாதாரண நாளில் அது ஒரு சின்ன எரிச்சல். தீபாவளி கழிந்த மறுநாள் வந்து சேரும் அதிரசத்துக்கோ மதிப்பே வேறு. அதனால் பண்டிகைக் கணக்கில் சராசரிக்கு இடமில்லை. நூற்றில் 99 பார்சல் எத்தனை நாளில் சேர்ந்திருக்கும் என்பதுதான் கேள்வி. நம் கணக்கில் அதற்கு விடை ஐந்து நாள்.

சராசரிக்கும் இந்த ஐந்துக்கும் இவ்வளவு இடைவெளி வருவதற்குக் காரணம், பயண நேரம் இரண்டு பக்கமும் சமமாக ஆடுவதில்லை. லாரி எவ்வளவு விரைந்தாலும் ஒரு குறைந்தபட்ச நேரம் ஆகத்தான் செய்யும். அதற்கு முன்னால் பார்சல் போகவே முடியாது. தாமதத்துக்கு அப்படி எல்லை எதுவும் கிடையாது. அதோடு தாமதம் நிமிடக் கணக்கில் வளர்வதுமில்லை. கடைக்குக் கூரியர் வண்டி மாலை ஆறு மணிக்கு வருகிறது என்றால், 5.50-க்குக் கட்டி முடித்த பெட்டி இன்றைக்கே கிளம்பிவிடும். 6.10-க்கு முடிந்தது நாளை மாலை வரை அலமாரியில் இருக்கும். அன்று சனிக்கிழமையாக இருந்து, ஞாயிறு வண்டி வராது என்றால் திங்கள் மாலைதான். பத்து நிமிடத் தாமதம் இப்படி இரண்டு நாளாகிவிடுகிறது. இதேபோல் பார்சல்களைத் தரம்பிரிக்கும் மையத்திலும் இரவு லாரியைத் தவறவிட்ட மூட்டை மறுநாள் லாரிக்குக் காத்திருக்கும்.

டெல்லிக்கு வேறு தேதி ஏன் என்பதும் இதில் அடங்கியிருக்கிறது. 1972-ல் வந்த பின்கோடு முறையில் முதல் மூன்று இலக்கங்கள், தபால்களைத் தரம்பிரிக்கும் மாவட்டத்தைக் குறிக்கும். கோவில்பட்டிக்கு 628, சென்னைக்கு 600, டெல்லிக்கு 110. கடைகள் தேதிகளை இந்த இலக்கங்களைப் பார்த்தே பிரித்துக்கொள்ளலாம். தூரம் கூடக்கூட வண்டி மாறும் இடங்கள் கூடும். வண்டியைத் தவறவிடும் வாய்ப்பும் கூடும். டெல்லிக்கு 99 பார்சல் சேர எட்டு நாள் ஆகிறது என்று கொள்வோம்.

இப்போது தீபாவளியிலிருந்து பின்னோக்கி எண்ணலாம். 19-ஆம் தேதி ஞாயிறு, விநியோகத்தை நம்ப முடியாது. அதனால் பலகாரம் சனிக்கிழமை 18-க்குள் வீடு சேர வேண்டும். சென்னைக்கு ஐந்து வேலை நாள்: 18, 17, 16, 15, 14. ஆக, திங்கள் 13 மாலை ஆறு மணி வண்டியில் பெட்டி ஏறியாக வேண்டும். டெல்லிக்கு எட்டு நாள் எண்ணும்போது நடுவில் 12-ஆம் தேதி ஞாயிறும் குறுக்கிடுகிறது. அதைத் தள்ளினால் வியாழன் 9 மாலை வண்டி. இதுவரை சரி. ஆனால் அறிவிப்பில் இருப்பது 13-உம் 9-உம் அல்ல, 10-உம் 6-உம். மீதி மூன்று நாள் கடைக்குள்ளேயே செலவாகிறது.

அந்த மூன்று நாள் எங்கே போகிறது என்று அறிய அடுப்படிக்குப் போக வேண்டியதில்லை. பெட்டி கட்டும் மேசைக்குப் போனால் போதும். எடை போட்டு, கவரை ஒட்டி, அட்டைப்பெட்டியில் அடுக்கி, முறுக்கு நொறுங்காமல் இடுக்குகளில் காகிதம் திணித்து, முகவரிச் சீட்டை ஒட்ட ஓர் ஆர்டருக்குச் சராசரியாக ஆறு நிமிடம். மணிக்குப் பத்து ஆர்டர் முடிக்கலாம். மணிக்கு எட்டு ஆர்டர் வந்தால் மேசை தாங்கும் என்றுதான் நமக்குத் தோன்றும். தாங்கும்தான், ஆனால் என்ன விலையில் என்று பாருங்கள்.

ஆர்டர்கள் கடிகாரம் பார்த்து வருவதில்லை. சில நேரம் ஒன்றுமே இருக்காது. சில நேரம் நாலு சேர்ந்து வந்து நிற்கும். ஒன்று அரைக்கிலோ முறுக்கு, அடுத்தது ஏழு வகையில் ஒவ்வொரு கிலோ. இப்படி வரவும் வேலையும் தாறுமாறாக இருக்கும் இடத்தில் வரிசை எப்படி நீளும் என்பதற்குக் கணிதம் இருக்கிறது. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த எர்லாங் என்ற டென்மார்க் கணிதவியலாளர், 1909-ல் வெளியிட்ட கட்டுரையில் இதற்கு அடித்தளம் போட்டார். தொலைபேசி அழைப்புகள் தற்செயலாக வருவதை எப்படிக் கணக்கிடுவது என்பதே அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. அதிலிருந்து வளர்ந்ததுதான் வரிசைக் கோட்பாடு.

அந்தக் கோட்பாட்டின் எளிய வாய்பாட்டை நம் மேசைக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு ஐந்து ஆர்டர் வந்தால், ஓர் ஆர்டர் வரிசையில் நின்று, கட்டி முடிக்கப்பட்டு வெளியேறச் சராசரி 12 நிமிடம். எட்டு வந்தால் 30 நிமிடம். ஒன்பது வந்தால் ஒரு மணி நேரம். ஒன்பதரை, அதாவது இரண்டு மணிக்குப் பத்தொன்பது, வந்தால் இரண்டு மணி நேரம். எட்டிலிருந்து ஒன்பதரைக்கு வேலை ஐந்தில் ஒரு பங்குகூடக் கூடவில்லை. காத்திருப்பு நான்கு மடங்காகிவிட்டது. மேசையில் ஓய்வு நேரம் குறையக் குறைய, ஒரு பெரிய ஆர்டரால் ஏற்பட்ட தேக்கத்தைக் கரைக்க இடைவெளி கிடைப்பதில்லை. அந்தத் தேக்கத்தின் தலையிலேயே அடுத்தது வந்து ஏறுகிறது.

மணிக்குப் பன்னிரண்டு ஆர்டர் வந்தால் வாய்பாடே உதவாது. பத்து மணி நேர வேலை நாளில் தினமும் இருபது ஆர்டர் மிஞ்சும். ஐந்து நாளில் நூறு சேரும். அது ஒரு முழு நாள் வேலை. ஆறாம் நாள் புதிதாக வருபவர் தன் முறைக்கே ஒரு நாள் காத்திருக்க வேண்டும். தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரத்தில் நடப்பது இதுதான். வெளியிலிருந்து இரண்டு பேரைச் சேர்க்கலாமே என்றால், சீட்டு மாற்றி ஒட்டப்பட்ட பெட்டிகள் புது ஆட்கள் கையிலிருந்துதான் அதிகம் வரும். முன்கூட்டியே செய்து வைக்கலாமே என்றால், முறுக்கும் அதிரசமும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். பால் இனிப்பு தாங்காது. அதனால்தான் பல கடைகள் பால்கோவாவைத் தொலைதூர ஆர்டர் பட்டியலிலேயே சேர்ப்பதில்லை.

கடைசி தேதி என்பது இந்த வரிசைக்குப் போடும் வேலி. 11-ஆம் தேதி காலையில், "ஒண்ணே ஒண்ணு, தெரிஞ்சவங்க" என்று சேர்க்கும் ஆர்டர், முன்பே பணம் கட்டி வரிசையில் நிற்கும் யாரோ ஒருவருடைய பெட்டியை ஆறு மணி வண்டிக்குப் பத்து நிமிடம் பிந்த வைக்கலாம். பத்து நிமிடம் பிந்தினால் என்னாகும் என்று மேலே பார்த்தோம். கறாராகத் தேதி சொல்லும் கடைக்காரர், ஏற்கெனவே வாக்குக் கொடுத்தவர்களைக் காப்பாற்றுகிறார்.

வாடிக்கையாளரும் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஜான் லிட்டில் என்ற அமெரிக்கர் 1961-ல் நிரூபித்த விதி ஒன்று உண்டு: வரிசையில் நிற்கும் ஆர்டர்களை ஒரு நாளில் முடிக்கும் ஆர்டர்களால் வகுத்தால், சராசரிக் காத்திருப்பு கிடைக்கும். கடைக்குப் போன் போட்டு, "கையில எத்தனை ஆர்டர் நிக்குது? ஒரு நாளைக்கு எத்தனை அனுப்புறீங்க?" என்று கேளுங்கள். 240 நிற்கிறது, தினம் 80 போகிறது என்றால் மூன்று நாள். அதன் பிறகுதான் கூரியர் நாட்களைக் கூட்ட வேண்டும்.

அறிவிப்பைப் படிக்கும்போது சொற்களையும் உற்றுப் பாருங்கள். "அக்டோபர் 13-க்குள் அனுப்பப்படும்" என்பது கடையை விட்டுக் கிளம்பும் நாள். "18-க்குள் கிடைக்கும்" என்பதுதான் உங்கள் வீட்டு வாசலுக்கான வாக்கு. "மூன்று வேலை நாள்" என்றால் ஞாயிறும் அரசு விடுமுறையும் கணக்கில் வராது. 2025-ல் ஆயுத பூஜையும் விஜயதசமியும் அக்டோபர் 1, 2 தேதிகளில் அடுத்தடுத்து வந்தன. "10-ஆம் தேதி வரை" என்பது இரவு பன்னிரண்டா, கடை மூடும் நேரமா என்பதையும் கேட்டுவிடுவது நல்லது.

இந்தச் சொற்களுக்குச் சட்டத்திலும் எடை உண்டு. இணையவழி வணிகத்துக்கான 2020-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, சொன்ன தேதிக்குப் பின் பொருள் வந்தால், அதைத் திருப்பி எடுக்கவோ பணத்தைத் தரவோ விற்பவர் மறுக்க முடியாது. வெள்ளம், புயல் போன்ற தவிர்க்க முடியாத காரணங்களுக்கு மட்டும் விலக்கு. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை அக்டோபர் மூன்றாம் வாரத்தை ஒட்டித்தான் தொடங்கும் என்பதால், அந்த விலக்கு வெறும் ஏட்டில் இருப்பதல்ல.

ஆகவே, ஆர்டர் போட்ட அன்றே அறிவிப்பைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வாக்கு தவறி, கடையும் கைவிரித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். கடைசி தேதியே சொல்லாமல் "தீபாவளிக்குள் நிச்சயம்" என்று மட்டும் சொல்லும் கடையைவிட, பத்து நாள் முன்பே கதவை மூடும் கடையை நம்புங்கள்.