ஊசி வேண்டாதவருக்கும் அட்டை கேட்பார்கள்

சென்னையிலிருந்து நைரோபிக்கு மகன் வீட்டுக்குப் போய்வரும் பெற்றோரிடம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டையைக் கறாராகக் கேட்பது கென்யா அல்ல. திரும்பி வரும்போது நம் விமான நிலையத்தில் உட்கார்ந்திருக்கும் சுகாதார அலுவலர்தான். மஞ்சள் காய்ச்சல் உள்ள நாட்டிலிருந்து வருகிறவரிடம்தான் கென்யாவின் விதி அட்டை கேட்கிறது. இந்தியாவில் அந்த நோய் இல்லை. கென்யாவில் இருக்கிறது.

நம்மிடம் வைரஸ் இல்லை, ஆனால் அதைச் சுமக்கக்கூடிய கொசு ஏராளம். டெங்குவைப் பரப்பும் அதே ஏடிஸ் எஜிப்டிதான் மஞ்சள் காய்ச்சலையும் பரப்பும். 2016இல் அங்கோலாவில் வேலை பார்த்துத் திரும்பிய சீனர்கள் 11 பேர் இந்தக் காய்ச்சலோடு ஊர் வந்து சேர்ந்தார்கள். ஆசியாவுக்குள் இந்த நோய் வந்ததாக உறுதியானது அதுவே முதல் முறை. நல்லவேளையாக அங்கே பரவவில்லை. கொசு கடித்து மூன்று முதல் ஆறு நாளுக்குள் காய்ச்சல் தெரிந்துவிடும் என்பதால், அட்டை இல்லாமல் வருகிறவரை ஆறு நாள் வரை தனிமையில் வைக்கச் சட்டம் இடம் தருகிறது.

அட்டை நாட்டின் பாதுகாப்புக்கு, ஊசி ஆளின் பாதுகாப்புக்கு. இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் பலர் இடறுகிறார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையைப் பார்த்தால், நைரோபி, மொம்பாசா நகரங்களோடு பயணத்தை நிறுத்திக்கொள்பவருக்குப் பொதுவாக இந்த ஊசி தேவையே இல்லை. மாசாய் மாராவில் சிங்கம் பார்க்கப் போனால் கதை வேறு. ஆனால் இந்தியாவின் விதி நகரத்துக்கும் காட்டுக்கும் வித்தியாசம் பார்ப்பதில்லை, நாட்டின் பெயரைத்தான் பார்க்கிறது.

ஒரு குடும்பத்தை வைத்துப் பார்ப்போம். அப்பாவுக்கு 72 வயது, 1985இல் நைஜீரியாவில் வேலை பார்த்தவர். அம்மாவுக்கு 66, இதுவரை வெளிநாடு போனதில்லை. கூடவே மகளும், தாய்ப்பால் குடிக்கும் அவளது ஐந்து மாதக் குழந்தையும் நைரோபிக்குக் கிளம்புகிறார்கள்.

அப்பாவின் விஷயம் எளிது. நைஜீரியா போகும்போது போட்ட ஊசியின் அட்டை பரணில் எந்தப் பெட்டியிலாவது கிடந்தால் போதும். முன்பு அட்டை பத்து ஆண்டுதான் செல்லும். 2016 ஜூலை 11 முதல் அது ஆயுள் முழுக்கச் செல்லும். பழைய அட்டையில் பத்து ஆண்டு என்று எழுதியிருந்தாலும் திருத்த வேண்டியதில்லை. திருத்தவும் கூடாது, அடித்தல் திருத்தல் இருந்தால் அட்டையே செல்லாமல் போகலாம். விமான நிறுவனக் கவுன்ட்டரில் இருப்பவருக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்புண்டு, ஆகவே விதியின் நகலைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. அட்டை கிடைக்காவிட்டால் சட்டப்படி அவரும் போடாதவர் மாதிரிதான்.

அம்மாவுடையது சிக்கல். இந்த ஊசியில் இருப்பது செத்த கிருமி அல்ல, பலம் குறைக்கப்பட்ட உயிருள்ள வைரஸ். 1930களில் மேக்ஸ் தெய்லர் உருவாக்கிய 17டி என்ற அந்த வகைதான் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. உடலுக்குள் போய்ச் சில நாள் பெருகி, நோயெதிர்ப்பை எழுப்பிவிட்டு அடங்கிவிடும். கோடிக்கணக்கானோருக்கு அவ்வளவுதான். மிக அரிதாகச் சிலருக்கு அடங்காமல் பெருகி, கல்லீரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும். அது அசல் மஞ்சள் காய்ச்சலைப் போலவே இருக்கும். அப்படி ஆனவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் பிழைப்பதில்லை. வேறு சிலருக்கு மூளையும் நரம்பும் பாதிக்கப்படும். முதல் முறை போடுகிறவருக்குத்தான் இந்த ஆபத்து. 60 வயதைத் தாண்டினால் அது கூடுகிறது. கூடினாலும் லட்சம் பேரில் ஒன்றிரண்டு பேர் என்ற அளவுதான். ஆனால் காட்டுப் பக்கமே போகாதவருக்கு அந்த ஒன்றிரண்டைக்கூட ஏன் வாங்கித் தர வேண்டும்?

லண்டனின் பெயர்பெற்ற புற்றுநோய் மருத்துவர் மார்ட்டின் கோர், 67 வயதில், இந்த ஊசி போட்டுக்கொண்ட சில நாளில் இறந்தது 2019 ஜனவரியில். அதே ஆண்டு பிரிட்டன் தன் வழிகாட்டுதலை இறுக்கியது. தவிர்க்க முடியாத, உண்மையான தொற்று அபாயம் இருந்தால் மட்டுமே 60 தாண்டியவருக்குப் போடலாம் என்றது. நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியை எடுத்தவர்களுக்குப் போடவே கூடாது என்பதையும் அழுத்திச் சொன்னது. மயஸ்தீனியா நோய்க்காகப் பல ஆண்டுக்கு முன் அறுவை செய்துகொண்டவர் அதை ஊசி மையத்தில் சொல்ல மறந்துவிடுவார், யாரும் கேட்கவும் மாட்டார்கள். கீமோதெரபி எடுப்பவர், மாற்று உறுப்பு பொருத்தியவர், அதிக அளவில் ஸ்டீராய்டு சாப்பிடுபவர், முட்டைக்குக் கடும் ஒவ்வாமை உள்ளவர் இவர்களுக்கும் விலக்கு உண்டு. ஊசி மருந்து முட்டைக் கருவில் வளர்க்கப்படுவது.

குழந்தைக்கு விடை தெளிவு: ஆறு மாதத்துக்குக் கீழ் இந்த ஊசி கூடவே கூடாது. ஆறிலிருந்து ஒன்பது மாதம் வரை, நோய் பரவிக்கொண்டிருக்கும் ஊருக்கு வேறு வழியில்லாமல் போனால் மட்டும் யோசிப்பார்கள். ஒன்பதுக்கு மேல் வழக்கம்போல் போடலாம். பிஞ்சு மூளைக்குள் வைரஸ் போய்விடும் என்பதே பயம். அட்டை கேட்கும் இந்திய விதியிலும் ஐந்து மாதக் குழந்தைக்கு விலக்கு இருக்கிறது. ஆனால் தாய் இருக்கிறாளே! 2009இல் பிரேசிலில், பிரசவித்த இரண்டு வாரத்தில் ஊசி போட்டுக்கொண்ட தாயின் பால் வழியாக வைரஸ் போய், பச்சைக் குழந்தைக்கு மூளைக்காய்ச்சல் வந்தது உறுதியானது. ஒன்பது மாதத்துக்குக் குறைவான குழந்தைக்குப் பால் கொடுப்பவள், தவிர்க்க முடிந்தால் ஊசியையோ பயணத்தையோ தள்ளிப்போடுவதுதான் நல்லது. இந்த மகள் ஐந்து மாதம் பொறுத்துக்கொண்டால் இருவருமே முறையாக ஊசி போட்டுக்கொண்டு கிளம்பலாம்.

அம்மாவுக்கு என்ன செய்வது? ஊசி போடாமலேயே அட்டையில் முத்திரை வாங்கித்தர ஏஜென்ட்டுகள் இருக்கிறார்கள் என்று சொல்வார்கள். அந்தப் பக்கம் போகத் தேவையில்லை, நேர்வழி இருக்கிறது. மருத்துவக் காரணத்தால் ஊசி கூடாது என்றால், மருத்துவர் அந்தக் காரணத்தை ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ எழுதித் தர வேண்டும், வந்திறங்கும் நாட்டு அதிகாரிகள் அதைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று சர்வதேசச் சுகாதார விதிகளே சொல்கின்றன. வெறும் வயதைக் காட்டிலும் அவரது உடல்நிலையும் பயணத் திட்டமும் சேர்ந்து எழுதப்பட்டிருந்தால் கடிதம் நிற்கும். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் போன்ற அங்கீகாரம் பெற்ற மையத்தில் காட்டி, கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள்ள வேண்டும். இதையெல்லாம் டிக்கெட் எடுப்பதற்கு முன்பே செய்ய வேண்டும், ஏனென்றால் கணக்கில் எடுப்பது என்பது ஏற்றுக்கொள்வது அல்ல. அலுவலர் அப்போதும் ஆறு நாள் கண்காணிப்பில் வைக்கலாம். வரும் வழியில் துபாயில் உறவினர் வீட்டில் ஒரு வாரம் தங்கிவிட்டு வந்தால் அந்த ஆறு நாள் அங்கேயே கழிந்துவிடும், கேள்வியும் எழாது.

வழியில் விமானம் மாறுகிறவர்களுக்கும் ஒரு செய்தி. ஆடிஸ் அபாபாவில் விமானம் மாறினால் எத்தியோப்பியாவும் பட்டியலில் உள்ள நாடுதான். விமான நிலைய வளாகத்தை விட்டு வெளியே வராமல் இருந்தால், அலுவலர் ஒப்புக்கொண்டால், விலக்கு உண்டு. விமானம் தாமதமாகி ஹோட்டலில் ஓர் இரவு தங்க வைத்தால் அந்த விலக்கும் போய்விடும்.

போடக்கூடியவர்கள் கிளம்புவதற்குக் குறைந்தது பத்து நாள் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும், அட்டை பத்தாம் நாளிலிருந்துதான் செல்லும். பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் சரியாக இருக்கிறதா, மருத்துவர் கையால் கையெழுத்திட்டிருக்கிறாரா, மருந்தின் பேட்ச் எண் எழுதப்பட்டிருக்கிறதா என்று மையத்தை விட்டு வெளியே வருமுன் பாருங்கள். முத்திரை மட்டும் போதாது.