மலைக்குள் ஊசலாடும் தண்ணீர்

அணையிலிருந்து 5 கி.மீ. நீளத்துக்கு மலையைக் குடைந்து ஒரு சுரங்கம். அதன் வாயின் பரப்பு 20 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே இருக்கும் தண்ணீரின் எடை 1 லட்சம் டன். அது முழுவதும் நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் மின்நிலையத்தை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது.

வெளியே எங்கோ மின்பாதை அறுந்து, சுமை ஒரேயடியாக இறங்கிவிடுகிறது. டர்பைன் தறிகெட்டுச் சுழலாமல் இருக்க, கவர்னர் சில நொடிகளில் நீர்வழியை மூடியாக வேண்டும். ஆனால் 1 லட்சம் டன் சில நொடிகளில் நிற்குமா? நிறுத்தினால், சுமார் 400 மீட்டர் உயர நீர்த்தம்பத்துக்குச் சமமான கூடுதல் அழுத்தம் குழாயைத் தாக்கும். வீட்டுக் குழாயைச் சட்டென்று மூடும்போது சுவருக்குள் 'தட்' என்று கேட்கிறதே, அதேதான். அளவுதான் வேறு.

அதனால்தான் சுரங்கம் முடிந்து, செங்குத்தான இரும்புக் குழாய் (பென்ஸ்டாக்) தொடங்கும் இடத்தில், மேலே காற்றுக்குத் திறந்த பெரிய தொட்டியை அமைக்கிறார்கள். இதுவே சர்ஜ் டேங்க். கீழே வழி மூடினாலும் சுரங்க நீர் இதில் ஏறிக்கொள்ளும். தொட்டியின் பரப்பு 200 சதுர மீட்டர் என்றால், நீர்மட்டம் ஏறத்தாழ 28 மீட்டர் உயரும்; பிறகு இறங்கும், மீண்டும் ஏறும். ஒரு முழு ஊசலுக்கு ஏழரை நிமிடம். சுவர்களின் உராய்வு ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் ஆற்றலைத் தின்று, ஊசலைத் தணிக்கும். நீர்த்தாக்கு அடியோடு போய்விடுவதில்லை. பென்ஸ்டாக்கின் குட்டையான பகுதியோடு நின்றுவிடுகிறது. அதைத் தாங்கும்படி இரும்பின் தடிமனைக் கணக்கிட முடியும்.

தொட்டியைச் சிறிதாகக் கட்டினால் செலவு மிச்சமே என்று தோன்றும். அங்கேதான் வில்லங்கம். ஜெர்மனியின் ஹைம்பாக் நிலையத்தில் ஊசல்கள் தணியாமல் தொல்லை கொடுத்தன. டீட்டர் தோமா என்ற பொறியாளர் 1910இல் காரணத்தைக் கண்டு சொன்னார். தொட்டியில் மட்டம் தாழ்ந்தால் டர்பைனுக்கான அழுத்தம் குறையும். மின்உற்பத்தியைக் குறையவிடக் கூடாது என்று கவர்னர் வழியை இன்னும் திறக்கும். கூடுதல் நீர் போகும். மட்டம் மேலும் தாழும். ஏறும்போது இதே கதை தலைகீழாக நடக்கும். நல்லெண்ணத்துடன் வேலை செய்யும் கருவியே ஊசலைத் தள்ளிவிடுகிறது. எனவே தொட்டிக்குக் குறைந்தபட்சப் பரப்பு ஒன்று உண்டு. வேடிக்கை என்னவென்றால், சுரங்கச் சுவர் வழவழப்பாக இருந்தால் தணிக்கும் உராய்வு குறைவு. ஆகவே இன்னும் அகன்ற தொட்டி வேண்டும். நீர் விழும் உயரம் குறைந்த நிலையங்களுக்கும் அப்படியே.

சுமை கூடும்போது ஆபத்து வேறு. டர்பைன் உடனே நீர் கேட்கும். சுரங்க நீரோ மெதுவாகத்தான் வேகமெடுக்கும். இடைவெளியைத் தொட்டி நிரப்புவதால் மட்டம் சரியும். அளவுக்கு மீறிச் சரிந்தால் காற்று குழாய்க்குள் புகுந்துவிடும். நிலையம் நின்ற சில நிமிடங்களில், மட்டம் இறங்கிக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து மறுபடி முழுச் சுமை ஏற்றினால் இரண்டு சரிவும் ஒன்றுசேரும். எனவே அவசரப்படாமல், மட்டமானியின் முள் அடங்கும்வரை காத்திருந்து, சுமையைப் படிப்படியாக ஏற்றுவார்கள்.